பதில் தெரிந்த கேள்வி

"தம்பி, இதுக்குப் பதில் உனக்குத் தெரியுமா தெரியாதா? அத மொதல்ல சொல்லு."

நாற்று நட்டு மூன்று வாரமான சம்பா வயலின் வரப்பில் நின்றுகொண்டு ஒரு அக்கா இப்படிக் கேட்டார். அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு. வேளாண்மைப் பட்டம் முடித்துவிட்டு, காவிரிப் படுகையின் கடைமடைப் பகுதியில் ஒரு திட்டத்தில் ஒருங்கிணைப்பாளனாகச் சேர்ந்திருந்தேன். இரண்டு வேலைகள். ஊர் ஊராகப் போய் பங்கேற்பு முறையில் கிராம மதிப்பீடு செய்வது ஒன்று. பி.ஆர்.ஏ. என்றுதான் எல்லோரும் சொல்வோம். மற்றது, அதன் அடிப்படையில் சில ஊர்களில் உழவர் வயல்வெளிப் பள்ளி நடத்துவது. இரண்டிலும் எனக்குத் தரப்பட்ட முதல் விதி ஒன்றுதான்: பதில் சொல்லாதே, கேள்வி கேள்.

ஒரு விவசாயி பூச்சியொன்றைப் பிடித்துக் காட்டி "இது என்ன சார்?" என்று கேட்டால் பெயரைச் சொல்லக் கூடாது. "எங்க பிடிச்சீங்க? செடியில எந்த இடத்துல இருந்துச்சு? என்ன பண்ணிட்டு இருந்துச்சு? இது மாதிரி எத்தனை இருந்துச்சு?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். பயிற்சியில் இதைப் பத்து நாள் பழகினோம். அன்று நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இலைச்சுருட்டுப் புழு தின்ற இலையைக் கையில் பிடித்தபடி, "இதனால மகசூல் குறையுமா, என்ன நினைக்கிறீங்க?" என்று நான்காவது முறையாகக் கேட்டேன். அப்போதுதான் அந்த அக்கா குறுக்கிட்டார்.

எனக்குப் பதில் தெரியும். தெரிந்ததை மறைத்துவிட்டுத் தெரியாதவன் போல நின்றிருந்தேன். அவரும் அதைக் கண்டுபிடித்துவிட்டார். நான் அசடு வழிந்தேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பை மறந்து பல வருடம் ஆகிவிட்டது. கேள்வியை மறக்க முடியவில்லை. பதில் தெரிந்துகொண்டே கேட்பது நேர்மையா?

இது புதிய கேள்வி இல்லை. பிளேட்டோவின் 'மேனோன்' உரையாடலில் இப்படியொரு காட்சி வரும். கணிதம் படிக்காத ஒரு அடிமைச் சிறுவனைக் கூப்பிட்டு, சாக்ரடீஸ் மண்ணில் ஒரு சதுரம் வரைகிறார். பக்கம் இரண்டு அடி, பரப்பு நான்கு. பரப்பை இரட்டிப்பாக்க வேண்டுமானால் பக்கம் எவ்வளவு? பையன் நான்கு என்கிறான். வரைந்து பார்த்தால் பரப்பு பதினாறு. மூன்று என்கிறான். ஒன்பதாகிவிடுகிறது. கடைசியில், மூலைக்கு மூலை போட்ட கோட்டின் மேல் கட்டிய சதுரம்தான் விடை என்று ஒப்புக்கொள்கிறான். நான் எதையும் கற்பிக்கவில்லை, கேட்கத்தான் செய்தேன் என்கிறார் சாக்ரடீஸ்.

கல்லூரியில் இதைப் படித்தபோது சிலிர்ப்பாக இருந்தது. வேலைக்குப் போன பிறகு படித்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. அந்தக் குறுக்குக் கோட்டைப் போட்டது பையன் இல்லை, சாக்ரடீஸ். விடை எங்கே இருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரியும். பையனின் வேலை பெரும்பாலும் "ஆமாம்" சொல்வது. பாடம் முடிந்ததும் அவனைப் பற்றிய பேச்சும் முடிந்துவிடுகிறது. அவன் அடிமையாகவே இருக்கிறான். எங்களைப் பார்த்து அந்த அக்கா கேட்டதை அவன் சாக்ரடீஸைப் பார்த்துக் கேட்டிருக்க முடியாது.

என் சந்தேகத்தை இரண்டு அனுபவங்களை வைத்துப் பேசிப் பார்க்கிறேன். முதலில் தோற்றது.

பி.ஆர்.ஏ. என்ற முறை இந்தியாவில் வேகமாகப் பரவியது 1980களின் இறுதியில். கர்நாடகத்தில் மைராடா, குஜராத்தில் ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டம் போன்ற அமைப்புகள் அதை வளர்த்தன. ராபர்ட் சேம்பர்ஸ் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். அதற்கு முன்பு, நீளமான வினாத்தாளோடு அதிகாரி வருவார். ஊர்க்காரர் பதில் சொல்வார், தாளை எடுத்துக்கொண்டு அதிகாரி போய்விடுவார். அதற்குப் பதிலாக, ஊர்க்காரர்களே தங்கள் ஊரைத் தரையில் வரையட்டும், புளியங்கொட்டையை வைத்து எண்ணட்டும், அதிகாரி கையிலிருக்கும் குச்சியை அவர்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி உட்காரட்டும் என்பது யோசனை. நல்ல யோசனைதான். இன்றும் அதை மதிக்கிறேன்.

எங்கள் முதல் பி.ஆர்.ஏ. ஒரு கோயில் வாசலில் நடந்தது. பிற்பகல் மூன்று மணி. நிழல் இருந்தது, இடம் விசாலம், சாணம் தெளித்த தரை. கோலமாவு, செங்கல்பொடி, இலை, கல் எல்லாம் தயார். ஒருவர் வாய்க்காலை வரைந்தார். இன்னொருவர் கோயில், பள்ளிக்கூடம், களம், தெருக்கள் என்று சேர்த்தார். இரண்டரை மணி நேரத்தில் அழகான வரைபடம். பிறகு பிரச்சினைகளைப் பட்டியலிட்டுப் புளியங்கொட்டை போட்டார்கள். நெல் காயப்போடக் களம் வேண்டும் என்பது முதலிடம் வந்தது. படம் பிடித்தோம், சார்ட் தாளில் நகல் எடுத்தோம். ஐம்பது பேர் வந்திருந்தார்கள் என்று அறிக்கையில் எழுதினேன்.

மறுநாள் காலை குறுக்கு நடை. வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் வழியே ஊர்க்காரர்களோடு நடந்து, மண், தண்ணீர், பயிர், மரம், யார் நிலம் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். வாய்க்கால் தலைப்பிலிருந்து கிளம்பினோம். வழியில் மாடு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி சேர்ந்துகொண்டார். ஒரு கட்டத்தில் வரைபடத்தில் வாய்க்கால் முடிந்துவிட்டது. தரையில் முடியவில்லை. இன்னும் அரை மைல் போய், காலனிக்காரர்கள் குத்தகைக்கு உழும் துண்டு நிலங்களுக்கு நடுவில், மண் மூடிக் கிடந்தது.

"முறைத் தண்ணி வுட்டா மேல பாயுறதுக்கே பத்து நாளாவும். எங்களுக்கு வர்றதுக்குள்ள அடச்சிருவாங்க" என்றார் பாட்டி.

"நேத்து வந்து இத சொல்லியிருக்கலாமே பாட்டி?"

"கோயில் வாசலுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு அறைக்குத் திரும்பி படத்தை எடுத்துப் பார்த்தேன். வரைபடம் அந்த இடத்தில் முடிந்ததற்குக் காரணம், வரைந்தவரின் நிலம் அங்கே முடிந்ததுதான். அதற்கு அப்பால் இருந்த காலித் தரையில் நாங்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றி வைத்திருந்தோம்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் 'பங்கேற்றார்கள்'. நாங்கள் இடத்தைத் தேர்ந்த கணத்திலேயே பாதிப் பதிலைத் தேர்ந்துவிட்டோம். களம் முதலிடம் வந்ததும் அப்படித்தான். எங்கள் திட்டம் கட்டுமானத்துக்குப் பணம் தரும் என்ற செய்தி எங்களுக்கு முன்பே ஊருக்குள் போயிருந்தது. மேற்கிந்தியாவின் பழங்குடிப் பகுதிகளில் ஒரு பண்ணைத் திட்டத்தில் பணியாற்றிய மானுடவியலாளர் டேவிட் மோஸ் இதைத்தான் நிதானமாக எழுதிக் காட்டினார். பொதுவெளியில் நடக்கும் பி.ஆர்.ஏ.யில் பெண்கள் குரல் எப்படி விழாமல் போகிறது, மக்களின் 'தேவை' என்று பதிவாவது எப்படி அந்தத் திட்டத்தால் தரக்கூடியதை ஒட்டியே அமைகிறது என்று. கேட்பவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் மனிதர்கள் பதில் சொல்வார்கள். நாமும் அப்படித்தானே, நேர்முகத் தேர்வில் உண்மையையா பேசுகிறோம்?

இதைச் சரிசெய்ய வழிகள் உண்டு. நாங்கள் பிறகு கற்றுக்கொண்டோம். ஒரே வரைபடத்தை மூன்று இடத்தில், மூன்று கூட்டத்தோடு போட வேண்டும்: ஊர்த்தெருவில் ஒன்று, காலனியில் ஒன்று, நடவுப் பெண்களோடு அவர்கள் வேலை முடித்து உட்காரும் நேரத்தில் ஒன்று. மூன்றும் ஒத்துப்போகும் இடங்களைவிட ஒத்துப்போகாத இடங்களில்தான் விஷயம் இருக்கும். குச்சி யார் கையில் எத்தனை நிமிடம் இருந்தது என்று ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். நடந்து பார்க்காமல் வரைபடத்தை அறிக்கையில் சேர்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் ஒரு குறை மிச்சமிருக்கும். கோலமாவு வரைபடம் தப்பாக இருந்தால், அது தப்பு என்று சொல்ல மனிதர்களை விட்டால் வேறு யாருமில்லை. மனிதர்கள் அதே தெருக்களில் இருந்துதான் வருகிறார்கள்.

இந்த இடத்தில்தான் வயல்வெளிப் பள்ளி வித்தியாசப்படுகிறது என்று நினைக்கிறேன். அது பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இந்தோனேசியாவில் 1970களிலும் 80களிலும் அரசு நெல்லுக்கான பூச்சிமருந்தைப் பெரும் மானியத்தில் கொடுத்தது. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் கூடியது. காரணம் இப்போது நன்றாகத் தெரியும். புகையான் தன் முட்டையைத் தாளின் உறைக்குள் கீறி வைக்கிறது. மருந்து அங்கே போவதில்லை. வெளியே திரியும் சிலந்தியும், அந்த முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்துவிடுகின்றன. ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு பொரிக்கும்போது அவற்றைத் தின்ன ஆளில்லை. வயல் வட்டவட்டமாகத் தீய்ந்து போகும். 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ 57 மருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை போட்டார். மானியமும் அடுத்த சில ஆண்டுகளில் விலக்கப்பட்டது.

மருந்தை நிறுத்து என்று ஆணையிடலாம். வயலில் நிற்கும் விவசாயி பூச்சியைப் பார்த்ததும் பயப்படாமல் இருக்க ஆணை போட முடியாது. இருபது வருடமாக "அடி" என்று சொன்ன அதே அரசாங்கம் இப்போது "அடிக்காதே" என்றால் அவர் ஏன் நம்ப வேண்டும்? உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு 1989இல் ஜாவாவில் தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகள் இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடை. இருபத்தைந்து பேர், ஒரு வயல், ஒரு போகம் முழுக்க வாரம் ஒரு காலை. ஐந்தைந்து பேராகப் பிரிந்து வயலில் குறுக்கே நடந்து பத்துக் குத்துகளைப் பார்ப்பார்கள். உயரம், தூர், இலையின் நிறம், தண்ணீர், பூச்சி, பூச்சியைத் தின்னும் பூச்சி எல்லாவற்றையும் எண்ணி, பெரிய தாளில் நடுவில் செடியும் ஒரு பக்கம் தீமை செய்பவையும் மறுபக்கம் நன்மை செய்பவையுமாக வரைவார்கள். பிறகு இந்த வாரம் என்ன செய்வது என்று வாதாடி முடிவெடுப்பார்கள். நம் ஊருக்கும் இந்த முறை வந்தது.

அந்த அக்கா கேட்ட நாளுக்கு வருகிறேன். அவர் நிலம் உள்ளவர் இல்லை. நடவு, களை, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவர். பள்ளிப் பட்டியலில் அவர் பெயர் இருந்ததே, கடைமடைப் பாட்டியைச் சந்தித்த பிறகு நாங்கள் பட்டியலை மாற்றியதால்தான். இலையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு சொன்னேன்:

"தெரியும்க்கா. இந்தப் பருவத்துல பாதி இலை போனாலும் மகசூல் பெருசா குறையாதுன்னு நான் படிச்சிருக்கேன். ஆனா இந்த வயல்ல பார்த்ததில்ல."

"அப்ப பாத்துருவோம்" என்றார் ஒருவர். அவ்வளவுதான். பயிற்சியில் சொல்லித்தந்த விதியை உடைத்ததும் வேலை சட்டென்று சுலபமாகிவிட்டது.

நாங்கள் செய்தது இலை வெட்டும் சோதனை. எந்த வயல்வெளிப் பள்ளியிலும் செய்யக்கூடியது. மூங்கிலில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டங்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஏறக்குறைய 33 குத்து. மூன்று சட்டம் வெட்டாதது. மூன்றில் நட்ட இருபதாம் நாள் எல்லா இலையிலும் கால் பங்கை நுனியிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டினோம். மூன்றில் பாதி. கடைசி மூன்றைத் தொடாமல் விட்டு, பொதி கட்டும் பருவத்தில் கண்ணாடி இலையை மட்டும் பாதியாக வெட்டினோம். கதிருக்கு நெருக்கமான கடைசி இலை அது. நெல்மணிக்குப் பால் பிடிக்கும்போது உணவு பெரும்பாலும் அதிலிருந்தும் அதற்கு அடுத்த இலைகளிலிருந்தும்தான் போகிறது.

வெட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்தோம். நான்கு டப்பா. வெட்டாத சட்டத்தின் விளைச்சல் இருபது புளியங்கொட்டை என்று வைத்துக்கொள்வோம். மற்ற மூன்றில் எத்தனை வரும் என்று நினைக்கிறீர்களோ அத்தனை போடுங்கள் என்றோம். பேர் எழுதிய தாளில் ஒவ்வொருவர் கணக்கையும் குறித்தோம். எழுத்துத் தெரியாதது தடையாகவில்லை. இருபதாம் நாள் பாதி வெட்டியதற்குப் பெரும்பாலானோர் பதினொன்று, பன்னிரண்டு போட்டார்கள். பாதி இலை போனால் பாதி நெல் போகும் என்பது நியாயமான கணக்குதானே.

அப்போது அக்கா மறுபடியும்: "நீயும் போடு."

போட்டேன். இளம்பயிரில் பாதி வெட்டியதற்கு இருபதுக்கு இருபது. கண்ணாடி இலை வெட்டியதற்குப் பதினெட்டு. அக்கா கண்ணாடி இலைக்குப் பதினைந்து போட்டார். "அது போனா கதிர் கருக்காயாப் போவும், தூத்துறப்ப பாத்திருக்கேன்" என்றார்.

அந்தப் பன்னிரண்டு வாரத்தில் நான் அவ்வளவு ஆவலோடு வயலுக்குப் போனதற்குக் காரணம் என் புளியங்கொட்டைகள்தான். அதற்கு முன்பு வரை வயலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இப்போது நானும் தோற்கக்கூடிய ஒரு விளையாட்டில் இருந்தேன்.

இளம்பயிரில் வெட்டிய சட்டங்கள் இரண்டு வாரத்தில் புது இலை விட்டுப் பச்சையாகிவிட்டன. ஆனால் பாதி வெட்டியவற்றில் கதிர் சில நாள் தாமதமாக வந்தது. அக்கா இன்னொன்றையும் காட்டினார். வெட்டிய சட்டங்களுக்குள் களை அதிகம். இலை மறைப்பு குறைந்து வெளிச்சம் உள்ளே போனதால் புல் கிளம்பியிருக்கிறது. நான் படித்த எந்தக் கையேட்டிலும் இதைக் கவனித்ததில்லை. "மருந்துச் செலவு மிச்சம், களையெடுக்க எங்களுக்குக் கூலி" என்று சிரித்தார். சிரிப்புக்குள் கணக்கு இருந்தது. பூச்சிச் சேதத்தைக் கிராமில் மட்டும் அளக்கும் என் கணக்கில் அவருடைய ஒரு நாள் கூலி இல்லவே இல்லை.

அறுத்து, காயவைத்து, ஊர்க் கடைத் தராசில் நிறுத்தோம். மூன்று சட்டங்களின் சராசரி: வெட்டாதது 510 கிராம். கால் பங்கு வெட்டியது 515. பாதி வெட்டியது 490. கண்ணாடி இலை வெட்டியது 400.

ஒரு இளைஞர் உடனே கேட்டார்: "சார், வெட்டாத மூணு சட்டத்துக்குள்ளேயே ஒண்ணுக்கொண்ணு எழுபது கிராம் வித்தியாசம் இருக்கு. அப்ப இந்த இருபது கிராம எப்படி நம்புறது?" புள்ளியியல் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க எனக்கு ஏறாத விஷயத்தை அவர் ஒரு வரியில் கேட்டுவிட்டார். நம்பக் கூடாதுதான். இருபது கிராம் வித்தியாசம் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நூற்றுப்பத்து கிராம் வேறு. அது மூன்று சட்டத்திலும் தெரிந்தது. கொட்டைக் கணக்கில் மாற்றினால் இளம்பயிருக்குப் பத்தொன்பதுக்குக் கொஞ்சம் மேலே, கண்ணாடி இலைக்குப் பதினாறுக்குக் கொஞ்சம் கீழே. முதலாவதில் நான் கிட்டத்தட்ட ஜெயித்தேன். இரண்டாவதில் அக்கா.

இன்னொருவர், கத்தரிக்கோல் புழு இல்லை, புழு கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும், நாம் ஒரே நாளில் வெட்டிவிட்டோம் என்றார். அதுவும் சரி. இந்தச் சோதனையின் எல்லை அது. அடுத்த போகத்தில் வலை கட்டிப் புழுவை விட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. பூச்சியைக் கண்டதும் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம், ஆனால் பொதிப் பருவத்தில் கண்ணாடி இலையைக் கண் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை நான் சொல்லாமலே அந்தக் கூட்டம் எடுத்துக்கொண்டது. இளம்பயிரில் பத்து சத இலைச் சேதம், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் ஐந்து சதச் சேதம் என்று துறைப் பரிந்துரையில் இரண்டு எண்கள் உண்டு. ஏன் இரண்டாவது எண் சின்னது என்று அன்றைக்குத்தான் எனக்கே முழுதாகப் புரிந்தது.

இப்போது பழைய கேள்விக்கு வருகிறேன். பதில் தெரிந்துகொண்டே கேட்பது நேர்மையா?

தெரிந்திருப்பதில் குற்றம் இல்லை என்று இன்று நினைக்கிறேன். இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். நான் சொல்லும் பதிலை, நான் ஊரைவிட்டுப் போன பிறகும், என்னை நம்பாமலே அவர்கள் சரிபார்க்க முடியுமா? பதில் எனக்கு எதிராக வந்தால் நான் எதையாவது இழப்பேனா? சாக்ரடீஸ் கோடு போட்டார் என்று குறை சொன்னேன். ஆனால் அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தச் சிறுவன் முக்கோணங்களை எண்ணிப் பார்த்து அது சரிதானா என்று தானே அறிய முடிந்தது. தரையில் கிடந்த படம் சாக்ரடீஸின் ஆள் இல்லை. எங்கள் வயலும் யாருடைய ஆளும் இல்லை. கோயில் வாசலில் வரைந்த வாய்க்காலைத் திருத்த அப்படி ஒரு சாட்சி இல்லாமல் போனது. நடந்து போன பிறகுதான் கிடைத்தது.

ஆனால் இரண்டாவது சோதனையில் சாக்ரடீஸ் தேற மாட்டார். அவர் எதையும் பணயம் வைக்கவில்லை. நானும் முதலில் வைக்கவில்லை. கொட்டை போட்டபோது என் மானத்தை மட்டும் வைத்தேன். அது சின்னப் பணயம். வயலைக் கொடுத்த குத்தகைக்காரர் வைத்ததுதான் பெரிது. பன்னிரண்டு சட்டத்தில் அவருக்குப் போனது அரைக் கிலோ நெல்லுக்குக் கீழே. ஆனால் அதே பள்ளியில் பத்து சென்ட்டில் மருந்தே அடிக்காமல் விட்டுப் பார்ப்போம் என்று நான் கேட்டபோது, "போச்சுன்னா யாரு தம்பி தருவா?" என்றார். திட்டத்தின் வரவுசெலவில் சார்ட் தாளுக்கும் தேநீருக்கும் தலைப்பு இருந்தது, இந்தக் கேள்விக்கு இல்லை. பேசிப் பேசி மூன்று சென்ட்டுக்குக் குறைத்தோம். விளைச்சல் குறைந்தால் பக்கத்து வயல் அளவுக்கு நான் ஈடுகட்டுவேன் என்று எல்லோர் முன்னும் சொன்னேன். குறையவில்லை. ஆனால் கற்றலின் செலவு யார் தலையில் விழுகிறது என்று முன்கூட்டிப் பேசாத எந்த வயல்வெளிப் பள்ளியையும் அதன் பிறகு நான் முழுதாக நம்பியதில்லை.

வயல்வெளிப் பள்ளிக்கு வேறு எல்லைகளும் உண்டு. ஃபெடர், முர்கய், குய்சோன் ஆகிய மூவர் இந்தோனேசியத் தரவுகளை வைத்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளிக்கு வந்தவர்களின் அறிவு ஓரளவு கூடியிருப்பதையும், அது பக்கத்து விவசாயிகளுக்குக் குறிப்பிடும்படி பரவவில்லை என்பதையும் காட்டியது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. பக்கத்து வயல்காரரிடம் "இலை போனா பரவாயில்ல" என்று சொல்லலாம். பன்னிரண்டு வாரம் பார்த்ததைச் சொல்லிவிட முடியாது. எல்லோருக்கும் பள்ளி நடத்துமளவு பணமும் எந்த அரசிடமும் இல்லை.

இதற்கு எதிர்த் திசையில் போனவர் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கே.எல்.ஹியோங். பிலிப்பைன்ஸிலும் பிறகு வியட்நாமின் மேகாங் படுகையிலும் அவர் குழு விவசாயிகளிடம் நேராக ஒரு கூற்றை வைத்தது: இலை தின்னும் பூச்சிக்கு முதல் நாற்பது நாள் மருந்து தேவையில்லை. நம்ப வேண்டாம், உங்கள் வயலில் ஒரு மூலையில் அடிக்காமல் விட்டுப் பாருங்கள். வானொலியிலும் சுவரொட்டியிலும் இதைச் சொன்னார்கள். பலர் செய்து பார்த்து மருந்தைக் குறைத்தார்கள். பங்கேற்பு முறைக்காரர்கள் சிலருக்கு இது மேலிருந்து சொல்லும் பழைய பாணியாகப் படலாம். எனக்கு அந்த அக்காவுக்குச் சொன்ன பதிலைப் போலத்தான் படுகிறது: எனக்குத் தெரிந்தது இது, உன் வயலில் பார்த்து என்னைப் பொய்யாக்கு.

பள்ளி முடிந்த நாளில் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தோம். அக்கா வாங்கிக்கொண்டு, "ஒனக்கு யாரு தம்பி குடுப்பா?" என்று கேட்டார். அதற்கும் பதில் தெரியாமல் நின்றேன். அந்த முறை உண்மையாகவே தெரியாது.